வயிற்றில் அடியா? ஸ்கேன் மட்டும் போதாது!

துணி துவைக்கிற இடத்தில் சோப்புத் தண்ணீர். கால் வழுக்கியது. தடுமாறி விழுந்ததில் துவைகல்லின் விளிம்பு வயிற்றின் பக்கவாட்டில் இடித்தது. அவ்வளவுதான். ரத்தம் இல்லை, பெரிய வலி இல்லை. மாமியார் ஓடி வந்து தூக்கி உட்கார வைக்கிறார்.

"குழந்தை அசையுதாம்மா?"

"அசையுது அத்தை."

"அப்ப ஒண்ணும் ஆகல. போய்ப் படுத்துக்கோ."

எட்டாம் மாதக் கர்ப்பிணி இருக்கிற எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. உங்கள் வீட்டில் நடந்தாலும் இதே பேச்சுதான் நடக்கும், இல்லையா? சொல்லப்போனால், அத்தையின் வாக்கு பெரும்பாலும் பலித்தும் விடும். சின்ன அடி பட்ட கர்ப்பிணிகள் நூறு பேரில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரைக்கும்தான் கர்ப்பப்பைக்குள் விபரீதம் நடக்கிறது.

அந்த ஒருவர் யார் என்பது விழுந்த நிமிஷத்தில் யாருக்கும் தெரியாது என்பதுதான் சிக்கல். சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அந்தச் சில மணி நேரத்தை எங்கே கழிப்பது என்பதுதான் கேள்வி.

எந்த மாதம்?

முதல் மூன்று மாதங்களில் கர்ப்பப்பை இடுப்பு எலும்புக் கூட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. சாதாரணமாக விழுந்தால் அடி எலும்பில்தான் விழும். ஆகவே ரத்தப்போக்கு, விடாத வலி, மயக்கம் எதுவும் இல்லையென்றால் பதற வேண்டாம். டாக்டருக்கு போன் செய்து சொன்னால் போதும்.

பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு கர்ப்பப்பை எலும்பைத் தாண்டி மேலே வருகிறது. இருபதாவது வாரத்தில் தொப்புள் மட்டத்துக்கு வந்துவிடும். அதற்கப்புறம் முன்னால் எலும்புக் காவல் கிடையாது. எனவே இந்த ஒரு விதியை மனதில் வையுங்கள்: ஐந்து மாதம் முடிந்த பிறகு வயிற்றில் நேராக அடிபட்டாலோ, வேகமாகக் கீழே விழுந்தாலோ, வண்டியில் இருந்து சரிந்தாலோ, வலி இல்லாவிட்டாலும் அன்றே, அப்போதே ஆஸ்பத்திரி.

"என் மூத்த பிள்ளை தூக்கத்தில வயித்துல உதைச்சுட்டான், அதுக்குமா?" என்று கேட்பீர்கள். அந்த அளவு உதையைப் பனிக்குடத்து நீர் தாங்கிக்கொள்ளும். அதன்பின் வலியோ, இறுக்கமோ, அசைவுக் குறைவோ தெரிந்தால் மட்டும் போங்கள்.

நஞ்சு ஏன் பிரிகிறது?

குழந்தைக்கு மூச்சும் சோறும் நஞ்சு வழியாகத்தான் போகிறது. டாக்டர்கள் பிளாசென்டா என்று சொல்வது இதைத்தான். கர்ப்பப்பையின் உள்சுவரில் இது அடை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கர்ப்பப்பைச் சுவர் ரப்பர் மாதிரி வளையும், விரியும். நஞ்சு அப்படி விரியாது. பலூனில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு பலூனை ஓங்கிக் குத்திப் பாருங்கள். பலூன் நெளியும், காகிதத்தின் ஓரம் பிய்ந்து வரும். அடிபட்ட வயிற்றுக்குள் நடப்பதும் இதுதான்.

பிய்ந்த இடத்தில் ரத்தம் கசிகிறது. அந்த ரத்தம் தேங்கத் தேங்க, நஞ்சை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிரிக்கிறது. காலையில் நகக்கண் அளவு இருந்த பிரிவு ராத்திரிக்குள் உள்ளங்கை அளவாகலாம். அதனால்தான் விழுந்தவுடன் குழந்தை நன்றாக அசைந்தது என்பதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. நஞ்சில் பெரும்பகுதி ஒட்டியிருக்கும் வரை குழந்தை அசைந்துகொண்டுதான் இருக்கும்.

வெளியே ரத்தம் வரவில்லை என்பதும் ஆறுதல் இல்லை. சில பெண்களுக்கு ரத்தம் நஞ்சின் பின்னாலேயே தேங்கிவிடும், ஒரு சொட்டுகூட வெளியே வராது. இன்னொரு ஏமாற்று, தாயின் பி.பி. கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவே ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுவதால், ஒரு லிட்டர் ரத்தம் போன பிறகும் பி.பி. நார்மலாகவே காட்டக்கூடும். கஷ்டப்படுவது முதலில் உள்ளே இருக்கும் குழந்தைதான்.

ஸ்கேன் நார்மல், அப்புறம் என்ன?

துவைகல்லில் இடித்துக்கொண்ட நம் பெண்ணிடம் வருவோம். அவளுக்கு 32-வது வாரம். காலை பத்து மணிக்கு விழுந்தாள். வேலையில் இருந்த கணவர் பதறி வந்து, பக்கத்துத் தெரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போகிறார். "குழந்தை நல்லா இருக்கு, துடிப்பு நார்மல், தண்ணி அளவு நார்மல்" என்று ரிப்போர்ட் வருகிறது. எல்லோருக்கும் நிம்மதி. வீட்டுக்குக் கிளம்பத் தயாராகிறார்கள்.

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தவறுகின்றன. நஞ்சு பிரிந்திருப்பதில் பாதிக்கு மேல் ஸ்கேனில் தெரியாது. புதிதாகக் கசிந்த ரத்தமும் நஞ்சும் திரையில் கிட்டத்தட்ட ஒரே சாயலில் தெரிவதுதான் காரணம். ஸ்கேனில் பிரிவு தெரிந்தால் பிரிவு உண்டு. தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

நம் பெண்ணுக்கு ஒரு சந்தேகம். கால் மணிக்கு ஒரு தரம் வயிறு கல் மாதிரி இறுகி, பிறகு தளர்கிறது. முதுகின் கீழ்ப்பக்கம் லேசாக இழுக்கிறது. "சூட்டு வலியா இருக்கும்" என்கிறார் கணவர். அவள் விடவில்லை, தன் டாக்டருக்கு போன் செய்கிறாள். "எங்கேயும் நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வாம்மா" என்கிறார் டாக்டர்.

நாலு மணி நேரக் காவல்

ஆஸ்பத்திரியில் வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டுகிறார்கள். ஒன்று குழந்தையின் இதயத் துடிப்பை எழுதுகிறது, இன்னொன்று கர்ப்பப்பையின் இறுக்கத்தை எழுதுகிறது. சி.டி.ஜி. என்று பெயர். ஊசி கிடையாது, வலி கிடையாது. அடிபட்ட கர்ப்பிணிக்கு, சுமார் 24 வாரம் ஆகிவிட்டால், இதைக் குறைந்தது நாலு மணி நேரம் வைத்துப் பார்ப்பது வழக்கம். பத்து நிமிஷம் துடிப்பு கேட்டுவிட்டு அனுப்புவதல்ல.

அந்த நாலு மணி நேரத்தில் துடிப்பு நிமிஷத்துக்கு 110 முதல் 160-க்குள் ஏற்ற இறக்கத்தோடு இருந்து, இறுக்கம், வலி, ரத்தம் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒன்றுக்கு மேல் இறுக்கம் வந்தாலோ, வயிறு தொட்டால் வலித்தாலோ, துளி ரத்தம் பட்டாலோ, துடிப்பு தடுமாறினாலோ ஒரு முழு நாள் வைத்துப் பார்ப்பார்கள். "சும்மா படுக்க வைக்கிறாங்க, பில் ஏத்தறாங்க" என்று நினைத்து எழுந்து வந்துவிடாதீர்கள். அந்தப் படுக்கைதான் வைத்தியம்.

நம் பெண்ணுக்கு ஐந்தாறு நிமிஷத்துக்கு ஒரு இறுக்கம் பதிவாகிறது. அட்மிட் செய்கிறார்கள். ஒருவேளை சீக்கிரம் பிறந்துவிட்டால் குழந்தையின் நுரையீரல் தாங்க வேண்டும் என்று அதற்கான ஊசி போடுகிறார்கள். ரத்தம் ஏற்பாடு செய்து வைக்கிறார்கள். மாலை ஏழு மணிக்கு புடவையில் லேசான கறை. எட்டு மணிக்கு ஒவ்வொரு இறுக்கத்துக்குப் பின்னும் குழந்தையின் துடிப்பு இறங்குகிறது. அரை மணிக்குள் சிசேரியன்.

ரத்த குரூப் நெகட்டிவா?

உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால், வயிற்றில் அடிபட்டதை எந்த மாதமானாலும் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். குழந்தையின் ரத்தம் பாசிட்டிவாக இருந்து, அதில் கொஞ்சம் உங்கள் ரத்தத்தில் கலந்துவிட்டால், உங்கள் உடம்பு அதற்கு எதிராக ஆயுதம் தயாரித்துவிடும். அடி வாங்குவது இந்தக் குழந்தை மட்டுமல்ல, அடுத்த குழந்தையும்தான். தடுப்பதற்கு ஆன்டி-டி ஊசி இருக்கிறது. அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். "ஏழாம் மாசமே போட்டாச்சே" என்று விட்டுவிடாதீர்கள், மறுபடி தேவையா என்று கேளுங்கள்.

கிளம்புவதற்கு முன்

விழுந்த உடனே சடக்கென்று எழாதீர்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். மல்லாந்து படுத்தால் கனத்த கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். கழுத்திலோ முதுகிலோ பலமான அடி என்றால் மட்டும் யாரும் அசைக்க வேண்டாம், 108-க்கு போன் செய்யுங்கள்.

வயிற்றில் தைலம் தேய்ப்பது, உருவி விடுவது, வெந்நீர் ஒத்தடம் எதுவும் வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வலியை மறைக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் டாக்டர் பார்க்கும் வரை சாப்பாடும் வேண்டாம். கர்ப்ப கால ஃபைலையும் ரத்த குரூப் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரியிலும் சிசேரியன் செய்ய வசதி, ரத்தம், குறைமாதக் குழந்தையைப் பார்க்க வசதி மூன்றும் உள்ள இடமாகப் போங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் பல பெரிய அரசு ஆஸ்பத்திரிகளிலும் உள்ள சீமாங் மையங்கள் இதற்கென்றே இருப்பவை.

போனதும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கணவரோ மற்றவரோ அடித்து, தள்ளி, உதைத்து ஏற்பட்டதென்றால் "வழுக்கி விழுந்தேன்" என்று மறைக்க வேண்டாம். எங்கே, எவ்வளவு வேகமாக அடி விழுந்தது என்பதை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுக்கிறார். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கும் போன் செய்யலாம்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாலும் அடுத்த சில நாட்கள் கவனம் தேவை. வயிறு விட்டுவிட்டு இறுகுவது அல்லது பலகை மாதிரி இறுகியே இருப்பது, ரத்தமோ தண்ணீரோ கசிவது, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது, விடாத வயிற்று வலி அல்லது முதுகு வலி, தலைசுற்றல். இதில் ஏதாவது ஒன்று வந்தாலும், ராத்திரி இரண்டு மணி ஆனாலும், திரும்பப் போங்கள்.

நம் பெண்ணின் குழந்தை ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிறந்தது. மெல்லிய அழுகை. சில வாரம் இன்குபேட்டரில் இருந்துவிட்டு வீட்டுக்கு வரும். நஞ்சை எடுத்துப் பார்த்தபோது, பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு உறைந்த ரத்தக் கட்டி. பகலில் எடுத்த ஸ்கேனில் அது இல்லை.

ஸ்கேன் சென்டர் வாசலில் ஆட்டோவுக்குக் கை காட்டியபோது, அது எந்தப் பக்கம் போகும் என்பதில்தான் எல்லாம் இருந்தது. வீட்டுப் பக்கம் போகாமல் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது.