சர்க்கரை இல்லாதவருக்கும் இரவில் எரியும் பாதம்

இரவில் படுத்ததும் பாதம் எரிகிறது என்றால் முதலில் பார்க்கப்படுவது சர்க்கரை. வெறும் வயிற்று அளவும் மூன்று மாதச் சராசரியும் சரியாக இருந்தால், அடுத்துச் சந்தேகிக்க வேண்டியவற்றுள் முக்கியமானது வைட்டமின் பி12 குறைவு. இந்த வைட்டமின் இயற்கையில் மீன், இறைச்சி, முட்டை, பால் போன்றவற்றில்தான் உண்டு. நரம்பின் மேலுறை கெடாமல் இருக்க இது தேவை.

சைவ உணவு உண்ணும் ஐம்பது வயதுப் பெண் ஒருவர், நெஞ்செரிச்சலுக்காகப் பல ஆண்டுகள் பான்டோபிரசோல் மாத்திரை எடுத்தவர் என்று கொள்வோம். உணவில் பி12 குறைவு; வயிற்று அமிலம் குறைந்ததால் கிடைப்பதும் சரியாகப் பிரிந்து உடலில் சேராது. இரத்தத்தில் அது 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு எனலாம். இசைக்கவையை அதிரவிட்டுக் கட்டைவிரலில் வைக்கும்போது அதிர்வு தெரியாமல் போவதும் ஓர் அடையாளம்.

இங்கே நேரும் தவறு, இரத்தசோகை என்று ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுப்பது. சோகை தேறிவிடும், நரம்புச் சேதமோ உள்ளே தொடரும். பி12 ஊசியோ மாத்திரையோ தொடங்கினாலும் எரிச்சல் அடங்க மாதங்கள் ஆகலாம்.

பி12 சரியாக இருந்தும் எரிந்தால் மது, தைராய்டு, சிறுநீரகம் ஆகியவை விசாரிக்கப்படும். பி6 மாத்திரையை அளவுக்கு மீறி நெடுநாள் விழுங்கினாலும் நரம்பு கெடும். நரம்புக் கடத்தல் சோதனை பெரிய இழைகளை மட்டுமே அளக்கும். வலியும் சூடும் உணரும் நுண்ணிழைகள் பழுதானால் அதில் ஒன்றும் தெரியாது. தோலில் சிறு துணுக்கு எடுத்து இழைகளை எண்ணிப் பார்ப்பார்கள்.