ஏழாவது வரி யாருக்கு?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவனங்களோடு கூட்டாக நடக்கும் உதிரிபாக ஆலைகள் பல உண்டு. அவற்றில் மாதாந்திரக் கூட்டம் முடிந்ததும் ஒரு தாள் சுற்றுக்கு வரும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ஜப்பானியம். நிகழ்ச்சி நிரலும், அதன் கீழே யார் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலும் அதில் இருக்கும். அந்த வேலையைக் கையால் செய்யப்போகும் ஷிப்ட் பொறுப்பாளருக்கும் டை பராமரிப்பவருக்கும் அது தமிழில் குறிப்பாகப் போக வேண்டும். வரிக்கு வரி மொழிபெயர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. மூலத்தாளில் விட்டுப்போனது மொழிபெயர்ப்பிலும் விட்டுப்போகும்.

அலுமினிய வார்ப்பு செய்யும் ஓர் ஆலையின் பட்டியலில் ஏழாவது வரி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘லீக் டெஸ்ட் ரிஜெக்‌ஷன் – கவுன்டர்மெஷர் ரிவ்யூ செய்யப்பட வேண்டும் – குவாலிட்டி – 6/5.’ கூட்டத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும். இல்லாதவருக்கு இதில் நான்கு கேள்விகள் எழும்.

முதல் கேள்வி தேதி. 6/5 என்பதை நாம் மே 6 என்று படிப்போம். ஜப்பானியர் மாதத்தை முன்னால் எழுதுகிறவர்கள். அவர்களுக்கு அது ஜூன் 5. ஒரு மாதமே தவறிப்போகும். அதனால் தமிழ்க் குறிப்பில் மாதத்தின் பெயரையும் கிழமையையும் எழுதிவிட வேண்டும். ‘அடுத்த வெள்ளி’ என்று எழுதினால் இந்த வாரமா, அதற்கடுத்த வாரமா என்று நம்மவர்களுக்குள்ளேயே சந்தேகம் வரும். நேரமும் அப்படித்தான். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. அவர்கள் ‘மாலை 5 மணிக்குள்’ என்றால் நமக்குப் பகல் 1.30. மதிய உணவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் அங்கே அலுவலகம் முடிந்திருக்கும்.

அடுத்தது ‘குவாலிட்டி’. நம் ஆலையின் தரப்பிரிவா, வார்ப்பு அனுப்பும் சப்ளையரின் தரப்பிரிவா, ஜப்பானிலிருந்து வந்திருக்கும் ஆலோசகரா? பிரிவின் பெயர் வேலை செய்யாது, ஆள்தான் செய்வார். ‘செய்யப்பட வேண்டும்’ என்ற வினை தமிழில் எவ்வளவு சரளமாக இருந்தாலும் ஆளை மறைத்துவிடுகிறது. பதவியையாவது எழுதி, ‘செய்து அனுப்புவார்’ என்று முடிக்க வேண்டும்.

மூன்றாவது, என்ன செய்ய வேண்டும் என்பது. ‘ரிவ்யூ’ என்றால் கழிவுக் கணக்கு எடுப்பதா, டையைத் திறந்து பார்ப்பதா? குறிப்பு எழுதுகிறவர் இதை ஊகித்து நிரப்பக்கூடாது. கூட்டத்தை நடத்தியவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். பதில் கிடைக்கும்வரை அந்த இடத்தில் ‘கேட்டுச் சொல்லப்படும்’ என்று இருப்பதே நேர்மை.

என் பார்வையில் நான்காவதுதான் முக்கியம்: இந்த விஷயம் முடிவானதா, பேசப்பட்டது மட்டும்தானா? ஜப்பானியத் தரப்பு ‘ஆராய்கிறோம்’ என்றால் பெரும்பாலும் ஒப்புதல் இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். அங்கே பல நிறுவனங்களில் ‘ரிங்கி’ என்றொரு நடைமுறை உண்டு. முன்மொழிவுத் தாள் ஒவ்வொரு மேலாளரின் மேசையாகப் போய் முத்திரை வாங்கி வரும். அது முடியும்முன் ‘டை மாற்றப்படும்’ என்று தமிழில் எழுதிவிட்டால், இங்கே ஒருவர் பழைய டையைக் கழற்றிவிடுவார். கூட்டு முயற்சி ஒப்பந்தத்தில் இரு பங்காளிகளும் சம்மதித்தால்தான் செல்லும் என்று சில செலவுகளைத் தனியே குறித்திருப்பார்கள். அவற்றில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

கேட்டுத் தெளிந்த பிறகு ஏழாவது வரி இப்படி அமையும்:

‘7. லீக் டெஸ்டில் கழியும் பாகங்கள். தர உறுதிப் பிரிவு மேலாளர், எந்த டையில் எந்த இடத்தில் கசிவு என்று ஷிப்ட் வாரியாகக் கணக்கெடுத்து, 2026 ஜூன் 5, வெள்ளி, பகல் 1.30-க்குள் ஜப்பான் பொறியாளருக்கு அனுப்புவார். டை மாற்றம் இன்னும் முடிவாகவில்லை. ஒப்புதல் வரும்வரை இப்போதைய டையே ஓடும்.’

மூலத்தைவிட நீளம்தான், ஆனால் இதை வைத்து வேலையைத் தொடங்கலாம். லீக் டெஸ்ட், டை, ஷிப்ட் ஆகியவற்றை அப்படியே விட்டது வேண்டுமென்றே. ஆலையில் யாரும் வேறு பெயர் சொல்வதில்லை. 7 என்ற எண்ணையும் மாற்றக்கூடாது. ஒன்று முடிந்தது என்று அதை எடுத்துவிட்டு எண்களை நகர்த்தினால், அடுத்த கூட்டத்தில் இரண்டு தாள்களும் இரண்டு வேறு விஷயங்களைப் பேசும்.

அனுப்பியபின் ஒரு சோதனை உண்டு. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்பார்கள். ‘வெள்ளிக்கிழமை என்ன அனுப்பப்போகிறீர்கள்?’ என்று கேட்க வேண்டும். ‘டை மாற்றத் திட்டம்’ என்று பதில் வந்தால் குறிப்பைத் திருத்த வேண்டும். திருத்திய குறிப்பைப் பட்டியல் தயாரித்தவருக்கும் காட்ட வேண்டும்.

இந்தத் தமிழ்த் தாள் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது கூட்ட நடவடிக்கைப் பதிவு ஆகாது. இயக்குநர் குழுக் கூட்டமாக இருந்தால் 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 118-ஆவது பிரிவுப்படி 30 நாளுக்குள் எழுதி வைக்கும் பதிவு தனி. அதனால் தாளின் தலையிலேயே, ‘வேலைக்கான குறிப்பு; ஐயம் வந்தால் மூலப் பட்டியலையே கொள்க’ என்று ஒரு வரி இருக்க வேண்டும்.