பிளவுஸ் தையல் கூலி: கணக்கு எங்கே உதைக்கிறது?

பக்கத்துக் கடையில் 300 ரூபாய் வாங்கினால் நாமும் 300 என்று சொல்லிவிடுவதுதான் வீட்டில் தைக்கும் பலரின் வழக்கம். மாதக் கடைசியில் மிஷின் ஓய்வில்லாமல் ஓடியிருக்கும். கையில் காசு நிற்காது. லைனிங் வைத்து, கழுத்தில் பைப்பிங் கொடுக்கும் ஒரு பிளவுஸை எடுத்துக் கணக்குப் போட்டால் காரணம் புரியும். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். இங்கே இருப்பவை உதாரணத்துக்கு.

முதலில் துணி. பிளவுஸில் எவ்வளவு துணி இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு வாங்க வேண்டியிருந்தது என்பதே கணக்கு. காட்டன் லைனிங்கை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி, மேல்துணி சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்துக்கும் சேர்த்து ஒரு மீட்டர், 60 ரூபாய். பைப்பிங்குக்குப் போவது விரல் அகலப் பட்டிதான். ஆனால் அதை கிராஸாக வெட்டினால்தான் கழுத்து வளைவில் படியும். அதற்குக் கால் மீட்டர் வேண்டும். மிஞ்சும் மூலைத்துண்டுகள் பெரும்பாலும் வீண். அது 20 ரூபாய். நிறத்துக்கு ஏற்ற நூல்கண்டு 10, ஹூக்கும் பைப்பிங் கயிறும் 10. ஆக, பொருள் 100 ரூபாய்.

அடுத்தது நேரம். மிஷினில் உட்காரும் நேரத்தை மட்டும் எண்ணுவதுதான் பெரிய ஓட்டை. அளவு பார்த்து வெட்ட 40 நிமிடம். தைக்க 1 மணி 50 நிமிடம், அதில் பைப்பிங்குக்கே முக்கால் மணி. ஹூக், ஹெம்மிங் என்று கை வேலை 45 நிமிடம். அயர்ன் செய்து சரிபார்க்க 15 நிமிடம். மொத்தம் மூன்றரை மணி. மாதம் 25 நாள், நாளுக்கு 6 மணி வேலை என்றால் 150 மணி. 12,000 ரூபாய் வருமானம் வேண்டுமானால் மணிக்கு 80 ரூபாய், கூலி 280. கரண்ட், ஊசி, மிஷின் சர்வீஸுக்கு மாதம் 1,500 ரூபாய் ஆனால் மணிக்கு 10, அது 35.

பத்து பிளவுஸில் ஒன்று ஆல்டரேஷனுக்குத் திரும்பி வந்து ஒரு மணி நேரம் பிடித்தால், அந்த 90 ரூபாயைப் பத்துக்கும் பங்கிட வேண்டும். சுமாராக 10 வைத்துக்கொண்டால், மொத்தம் 425 ரூபாய். 300 வாங்கியவருக்குப் பொருளும் மற்ற செலவும் போக நிற்பது 155. மணிக்கு 45 ரூபாய்கூட இல்லை.

“கொஞ்சம் குறைச்சுக்கோங்க அக்கா” என்று கேட்பவரிடம் மணிக்கூலியைக் குறைக்க வேண்டாம், வேலையைக் குறைக்கலாம். பைப்பிங் வேண்டாம் என்றால் துணி, கயிறு, முக்கால் மணி நேரம் எல்லாம் மிச்சமாகி, ஏறத்தாழ 90 ரூபாய் குறையும். லைனிங்கை அவரே வாங்கி வந்தால் 60 மட்டும் கழியும். வெட்டவும் தைக்கவும் ஆகும் நேரம் அப்படியேதான் இருக்கும்.