ஆய்வேட்டு மொழியும் மாணவரின் குரலும்

பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதும் மாணவர் ஒருவர், தம் ஆய்வைப் பற்றி நேரிற் பேசும்போது தெளிவாகப் பேசுகிறார். அதையே எழுத முற்படும்போது அவரது வசனம் கனத்துவிடுகிறது. பேச்சில் இல்லாத சொற்கள் ஏட்டிற் புகுகின்றன. அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, 'கிணறு' என்றிருந்த இடத்திற் 'கூவல்' என்றும், 'நீர்' என்றிருந்த இடத்திற் 'புனல்' என்றும் மாற்றுகிறார். இதனைப் பலர் நடைக் குற்றம் என்று மட்டும் கருதுவர். எமது கருத்து வேறு. இத்தகைய சொற்கள் பெரும்பாலும் சான்று இருக்கவேண்டிய இடத்தை நிரப்பிக்கொண்டு நிற்கின்றன. ஆகவே முதல் வரைவைத் திருத்தி எழுதுவது அழகுபடுத்தும் வேலையன்று. ஆய்வின் ஒரு பகுதியே அது.

இந்த வழக்கத்துக்கு இரண்டு மூலங்கள் உள்ளன. ஒன்று மிகப் பழையது. சேந்தன் திவாகரம், சூடாமணி நிகண்டு போன்றவை ஒரு பொருளுக்குரிய பல சொற்களைச் செய்யுளில் தொகுத்துத் தந்தன. எதுகைக்கும் மோனைக்கும் சீருக்கும் ஏற்ற சொல்லைத் தேடும் புலவனுக்கு அத்தொகுப்பு பெரிதும் உதவியது. ஆனால் ஒரே வரிசையில் நிற்பதனால் அச்சொற்கள் எல்லாம் உரைநடையில் ஒரே பொருளைத் தந்துவிடா. மற்றையது அண்மைக்காலத்தது. 1960களில் எமது பல்கலைக்கழகக் கலைப் பாடங்கள் தமிழிற் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, ஆங்கிலக் குறிப்புகளைப் பெயர்த்தே விரிவுரைகள் பல அமைந்தன. ஆங்கிலச் செயப்பாட்டு வினை தமிழில் 'மேற்கொள்ளப்படுகின்றது', 'காணப்படுகின்றது' என வந்து நிலைத்துவிட்டது. இன்றைய மாணவரின் வரைவில் இவ்விரண்டும் கலந்து கிடக்கின்றன.

இதனை ஓர் எடுத்துக்காட்டின் துணையுடன் பார்ப்போம். பின்வரும் பந்தி எவருடைய ஆய்வேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. பல வரைவுகளில் நாம் கண்ட இயல்புகளைத் திரட்டி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வெங்காயச் செய்கை பற்றி ஒரு புவியியல் மாணவர் எழுதியதாக நாமே அமைத்துக்கொண்டது.

"வலிகாமப் புலத்தின்கண் நிலவுகின்ற வேளாண்மைச் செயற்பாடுகளானவை அண்மைக்காலத்தே பாரிய பரிணாமத்தினை எய்தியுள்ளமை வெள்ளிடைமலை. கூவல்களினின்றும் நீரிறைப்பு மேற்கொள்ளப்படுகின்றமையானது இயந்திரமயமாக்கத்தின் தாக்கத்திற்கு உட்படுத்தப்பட்டுள்ளதுடன், புனலின் உவர்த்தன்மை அதிகரிப்பானது வெங்காயச் செய்கையிற் பாரதூரமான செல்வாக்கினைச் செலுத்துகின்ற தன்மையினைக் கொண்டு காணப்படுகின்றது."

முதலில் அகராதிச் சொற்களை எடுத்துக்கொள்வோம். 'புனல்' என்பது ஓடும் நீரையும் வெள்ளத்தையும் நினைவூட்டும் சொல். வலிகாமத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. இங்கு பேசப்படுவது நிலத்தடி நீர். எனவே இச்சொல் பொருளையே பிழைக்கச் செய்கிறது. 'கூவல்' என்றவுடன், அது கட்டுக் கிணறா துரவா என்ற ஐயம் எழுகிறது. ஊரவர் இவ்விரண்டையும் வேறுபடுத்தியே வழங்குவர். இவ்வேறுபாடு ஆய்வுக்கு வேண்டியது. பொதுச்சொல் அதனை மறைத்துவிட்டது. 'பரிணாமம்' என்பது ஒன்றிலிருந்து ஒன்றாகப் படிப்படியே உருக்கொள்ளும் வளர்ச்சி. மாணவர் கூற வந்ததோ வெறும் மாற்றம். 'வெள்ளிடைமலை' என்பது, எவரும் ஐயுறார் என்ற உறுதியைத் தருகிறது. ஆனால் எவரும் ஐயுறாத ஒன்றை ஆய்வு செய்யவேண்டிய தேவை இல்லை.

அடுத்து வினைகளைப் பார்க்கவேண்டும். 'நீரிறைப்பு மேற்கொள்ளப்படுகின்றமையானது' என்பதில் இறைப்பவர் யார் என்பது இல்லை. 'செல்வாக்கினைச் செலுத்துகின்ற தன்மையினைக் கொண்டு காணப்படுகின்றது' என்ற தொடரில் ஐந்து சொற்கள் இருந்தும், என்ன நிகழ்ந்தது என்பது எங்குமே சொல்லப்படவில்லை. விளைச்சல் குறைந்ததா, பயிர் கருகியதா, நடும் பரப்புச் சுருங்கியதா? 'பாரதூரமான' என்ற அடைமொழி, அளவு இருக்கவேண்டிய இடத்தில் அமர்ந்திருக்கிறது.

இந்நிலையில் மேற்பார்வையாளர் செய்யத்தகாத ஒன்று உண்டு. பேனாவை எடுத்துத் தமது நடையிற் பந்தியை எழுதிக்கொடுப்பதே அது. அவ்வாறு செய்தால் அகராதியின் குரல் போய் ஆசிரியரின் குரல் வந்து அமரும். மாணவரின் குரல் இன்னும் வெளிவராது. மாறாக, வரைவை மூடி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்கவேண்டும்: "நீர் போன ஊரில் கிணறுகளுக்கு என்ன நடந்தது?" எமது எடுத்துக்காட்டு மாணவர் பின்வருமாறு விடை சொல்வதாகக் கொள்வோம்.

"இருபத்திநாலு பேரோட கதைச்சனான், சேர். கரண்ட் மோட்டர் போட்ட பிறகு முந்தியைவிடக் கூட நேரம் இறைக்கினம். பதினேழு பேர், வைகாசிக்குப் பிறகு தண்ணி உவர்க்குது எண்டு சொன்னவை. அதில ஒன்பது பேர் கோடைக்கு வெங்காயம் நடுறதைக் குறைச்சிட்டினம்."

வரைவில் இல்லாதவை அனைத்தும் இவ்விடையில் உள்ளன: யார், எத்தனை பேர், எப்போது, என்ன செய்தனர் என்பன. மாணவரின் இயல்பான ஆய்வு நடை என்று நாம் சொல்வது, இவ்விடையின் வரிசையையும் அளவையும் காத்து, பேச்சு வடிவங்களை எழுத்து வடிவங்களாக்கி, வேண்டிய இடத்திற் துறைச் சொல்லைச் சேர்ப்பதனாற் பெறப்படுவதே. பேச்சை அப்படியே ஏட்டில் ஏற்றுவதன்று அது. அவ்வாறு மாணவர் தாமே எழுதியது பின்வருமாறு அமையலாம்:

"வலிகாமத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்த 24 கமக்காரரைச் சந்தித்தேன். மின் இயந்திரம் பொருத்திய பின்னர், முன்னரிலும் கூடிய நேரம் நீர் இறைப்பதாக அவர்கள் கூறினர். வைகாசிக்குப் பின் தம் கிணற்று நீர் உவர்ப்பதாக 17 பேர் தெரிவித்தனர். இவர்களுள் 9 பேர், கோடையில் வெங்காயம் நடும் பரப்பைக் குறைத்துள்ளனர்."

இப்பந்தி முன்னையதிலும் பெரிதாக நீளவில்லை. ஆனால் வாசகருக்கு ஒரு புதிய வாய்ப்பைத் தருகிறது. அவர் இப்போது கேள்வி கேட்கலாம். நீர் உவர்த்ததா, உவர்த்ததாகச் சொன்னார்களா? மாணவர் நீரை அளந்தாரா? பரப்பைக் குறைத்தமைக்கு உவர்ப்புத்தான் காரணமா, சந்தை விலையா, கூலியா? முன்னைய பந்தியில் இக்கேள்விகள் எழவே இடமிருக்கவில்லை. எமது மாணவர் நீரை அளக்கவில்லை. அதனைப் 'பாரதூரமான செல்வாக்கு' என்ற தொடர் அவரிடமிருந்தே மறைத்துவைத்திருந்தது.

திருத்தி எழுதுதல் இங்கே ஆய்வாக மாறுகிறது. மாணவர்முன் இப்போது இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தம் பந்தியின் இறுதியில், "நீரின் உவர்த்தன்மையை நான் அளக்கவில்லை, எனவே கூடிய இறைப்பே இம்மாற்றத்துக்குக் காரணம் என இத்தரவுகளைக்கொண்டு உறுதியாகக் கூற முடியாது" என்று எழுதுவது. மற்றையது, அக்கிணறுகளுக்கு மீண்டும் சென்று, மாரியின் முடிவிலும் கோடையின் முடிவிலும் நீரின் மின்கடத்துதிறனை அளந்துவருவது. சுண்ணக்கற் பாறையினுள் நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலெழக்கூடும். இந்த விளக்கத்தை அவர் தம் பாடத்திற் கற்றிருக்கிறார். அதை அவ்வூரின் நிலையோடு பொருத்திக் காட்டுவதற்கு அளவீடு வேண்டும்; பெரிய சொல் போதாது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். 'மின்கடத்துதிறன்' என்பதும் ஊரார் வாயில் வழங்காத சொல்தான். எனினும் அதனை நீக்கக் கூடாது. அச்சொல் குறிக்கும் பொருளை வேறொரு சொல்லாற் சுருங்கக் கூற முடியாது. அதற்கு அலகு உண்டு. அதனை அளக்கும் கருவி உண்டு. 'கூவல்' அத்தகையதன்று. அதன் இடத்திற் 'கிணறு' என்று எழுதினால் எதுவும் குறையவில்லை, தெளிவே கூடுகிறது. ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் பழகிய சொல்லை வைத்துப் பார்க்கவேண்டும். பொருள் குறைந்தால் அது கலைச்சொல். குறையாவிட்டால் அது அலங்காரம்.

எளிமையின் பெயரால் நேரக்கூடிய பிழையையும் சொல்லவேண்டும். திருத்தும் உற்சாகத்தில், 'உவர்ப்பதாக 17 பேர் தெரிவித்தனர்' என்பதை '17 கிணறுகளின் நீர் உவர்த்தது' என்று சுருக்கிவிடுவோர் உளர். வசனம் குறுகியது, ஆனால் கமக்காரரின் கூற்று ஆய்வாளரின் முடிபாக மாறிவிட்டது. '-ஆக' என்ற அச்சிறு உருபு இங்கு ஆய்வாளரின் நேர்மையைத் தாங்கி நிற்கிறது. 'கூடும்', 'எனத் தோன்றுகிறது' என்பனவும் அத்தகையவை. தயக்கம் தரவிலிருந்து பிறந்ததாயின் அது நிற்கவேண்டும். தன்னம்பிக்கையின்மையிலிருந்து பிறந்ததாயின் நீங்கவேண்டும். எதிலிருந்து பிறந்தது என்பதை மாணவரே அறிவார்.

மாணவர் ஏன் அகராதியை நாடுகிறார் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்த ஒருவர், தாம் வீட்டிற் பேசும் சொற்கள் அறிவுக்கு உரியனவல்ல என்று எண்ணுவதற்கு நாமும் பொறுப்பாளிகளே. 'கிணறு' என்று எழுதிய விடைத்தாளுக்கும் 'கூவல்' என்று எழுதிய விடைத்தாளுக்கும் நாம் எவ்வாறு புள்ளியிட்டு வந்துள்ளோம் என்பதை அவர் கண்டிருக்கிறார். மேலே காட்டிய பந்தியின் மாணவர் ஒரு கமக்காரரின் மகனாக இருந்தால், மாசி மாதத்து நீருக்கும் ஆனி மாதத்து நீருக்கும் உள்ள வேறுபாட்டைத் தம் நாவால் அறிந்தவர் அவர். அந்த அறிவை எழுத விடாமல் தடுத்தது அவரது மொழிக்குறைபாடன்று. எந்த மொழியை நாம் மதிப்போம் என்று அவர் செய்த கணிப்பே.

எனவே திருத்தி முடித்த வரைவைச் சோதிக்க நாம் கைக்கொள்ளும் முறை எளியது. மாணவர் அப்பந்தியை உரக்க வாசிக்கவேண்டும். எந்தச் சொல்லில் அவர் குரல் தடுமாறுகிறதோ அதன்கீழ்க் கோடிடவேண்டும். பின்னர் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்றும், அதற்கு என்ன சான்று என்றும் கேட்கவேண்டும். நேர்முகத் தேர்வில் பரீட்சகர் கேட்கப்போவதும் அவ்விரண்டையுமே. தம் சொந்த வாயால் விடை கூறக்கூடிய சொற்கள் ஏட்டில் நிற்கட்டும். விடை கூற முடியாத சொல் இருந்த இடத்தில் அவர் இன்னும் செய்யவேண்டிய ஆய்வு ஒன்று எஞ்சியுள்ளது.