தீவன மூட்டையில் ‘புரதம் 20%’: ஆய்வகம் அளப்பது புரதத்தையா, நைட்ரஜனையா?

பிசான நெல் அறுவடை முடிந்தால், அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி பக்கம் வீட்டுக்கு வீடு வைக்கோல் படப்பு உயர்ந்து நிற்கும். கறவை மாட்டுக்கு வயிறு நிறைய அது போதும். ஆனால், 100 கிலோ வைக்கோலில் புரதம் 3 முதல் 4 கிலோதான். பால் கறக்கிற மாட்டுக்கு மீதிப் புரதம் புண்ணாக்கிலிருந்தோ, கடையில் வாங்கும் கலப்புத் தீவனத்திலிருந்தோதான் வர வேண்டும். அதனால்தான் மூட்டையில் அச்சிட்டிருக்கும் ‘கச்சா புரதம் 20%’ என்ற வரியைப் பார்த்துப் பலரும் காசு கொடுக்கிறார்கள்.

‘இரண்டு மூட்டையிலும் 20% என்றுதான் போட்டிருக்கிறது. ஒன்றைக் கொடுத்தால் பால் கூடுகிறது, இன்னொன்றில் கூடவில்லை. ஏன்?’ என்பது கால்நடை வளர்ப்போர் அடிக்கடி எழுப்பும் கேள்வி. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அதில் ஒன்று, அந்த 20 என்ற எண் ஆய்வகத்தில் பிறக்கும் விதத்திலேயே இருக்கிறது. ஆய்வகம் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணக்குப் போடுகிறது.

அமிலத்தில் வேகவைக்கும் முறை

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த யோஹான் கெல்டால் என்ற வேதியியலாளர் 1883-ல் வெளியிட்ட முறை இது. இன்றும் தீவன ஆய்வகங்களில் இதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

தீவனத்தை மாவாக அரைத்து, 1 கிராம் எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் போடுகிறார்கள். அடர் கந்தக அமிலமும், பொட்டாசியம் சல்பேட்டும், சிறிது மயில்துத்தமும் சேர்த்து, 400 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குகிறார்கள். முதலில் கறுத்துப் புகையும். சில மணி நேரத்தில் கரி எல்லாம் கரைந்து, இளம் பச்சையாகத் தெளிந்துவிடும். தீவனத்தில் இருந்த நைட்ரஜன் இப்போது அம்மோனியம் சல்பேட்டாக அமிலத்துக்குள் இருக்கிறது. கறுப்பு முழுதாக மறைவதற்கு முன் இறக்கிவிட்டால், புரதம் குறைவாகக் காட்டும்.

ஆறிய பிறகு காஸ்டிக் சோடாவைச் சேர்த்தால் அம்மோனியா வாயு கிளம்பும். அதைக் காய்ச்சி வடித்து, போரிக் அமிலத்தில் பிடிக்கிறார்கள். பிடித்த அம்மோனியாவைச் சமன்செய்ய 0.1 நார்மல் அமிலம் எத்தனை மில்லி தேவைப்படுகிறது என்று சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கிறார்கள். ஒரு மில்லிக்கு 1.4 மில்லிகிராம் நைட்ரஜன் என்பது கணக்கு.

22.9 மில்லி ஆனது என்று வைத்துக்கொள்வோம். 22.9-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 32 மில்லிகிராம். அதாவது 1 கிராம் தீவனத்தில் நைட்ரஜன் 3.2%. இதை 6.25-ஆல் பெருக்கினால் 20%. மூட்டையில் ஏறும் எண் இதுதான்.

இன்னொரு முறை, எரித்து அளப்பது. பிரான்சின் டூமா என்பவர் 1830-களில் கண்ட வழி. மாதிரியை ஆக்சிஜனில் 900 டிகிரிக்கு மேல் எரித்து, வெளிவரும் நைட்ரஜன் வாயுவைக் கருவி அளக்கிறது. அமிலம் வேண்டாம், சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால், கடைசியில் இதிலும் 6.25-ஆல்தான் பெருக்க வேண்டும்.

6.25 எங்கிருந்து வந்தது?

புரதத்தில் சராசரியாக 16% நைட்ரஜன் இருக்கிறது. 100-ஐ 16-ஆல் வகுத்தால் 6.25. எல்லாப் புரதமும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால் அரிசிக்கு 5.95, பாலுக்கு 6.38 என்று தனி எண்களும் உண்டு. இந்த வேறுபாடு சிறியது. பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது: உள்ளே இருக்கிற நைட்ரஜன் எல்லாம் புரதத்திலிருந்துதான் வந்தது என்று இந்தக் கணக்கு நம்பிக்கொள்கிறது.

வயலுக்குப் போடும் யூரியாவில் 46% நைட்ரஜன். புரதம் துளியும் இல்லை. ஆனால், கணக்குப்படி 46-ஐ 6.25-ஆல் பெருக்கினால் 287.5% ‘புரதம்’! உண்மையில் 14.5% மட்டுமே புரதம் உள்ள மட்டமான கலவை 98 கிலோ எடுத்து, 2 கிலோ யூரியா கலந்தால் என்ன ஆகும்? கலவையிலிருந்து 14.2 கிலோ, யூரியாவிலிருந்து 5.75 கிலோ. கூட்டினால் ஏறத்தாழ 20%. ஆய்வக அறிக்கையில் தவறு எதுவும் இல்லை; ஆனால், புண்ணாக்கு இருக்க வேண்டிய இடத்தில் யூரியா இருக்கிறது.

2008-ல் சீனாவில் நடந்தது இதே வித்தைதான். தண்ணீர் கலந்த பாலில் புரதம் சரியாக இருப்பதுபோல் காட்ட, 66% நைட்ரஜன் உள்ள மெலமைன் என்ற பொருளைக் கலந்தார்கள். அந்தப் பால்மாவைக் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் கல் உண்டானது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 6 குழந்தைகள் இறந்தன.

யூரியா எப்போதும் கேடா?

இல்லை. அசைபோடும் மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள், யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவைக் கொண்டு புரதம் செய்துகொள்ளும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, 21 நாள் மூடிவைக்கும் முறை இதை நம்பித்தான் இருக்கிறது. ஆனால், அடர் தீவனத்தில் யூரியா 1%-ஐத் தாண்டக் கூடாது. அந்த நுண்ணுயிர்களுக்கு மாவுச்சத்தும் கூடவே கிடைக்க வேண்டும். 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கும், கோழிக்கும், பன்றிக்கும் யூரியா பயன்படாது. அளவு மீறினால் அம்மோனியா ரத்தத்தில் ஏறி, மாடு நடுங்கும், நுரை தள்ளும், வயிறு உப்பும். அப்போது உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

யூரியா இல்லாத இடத்திலும் இந்த எண் ஏமாற்றலாம். அதிகச் சூட்டில் கருகிய புண்ணாக்கில் நைட்ரஜன் அப்படியே இருக்கும். ஆனால், மாட்டால் செரிக்க முடியாது. ஆய்வகம் அதையும் நல்ல புரதமாகவே எண்ணும்.

விவசாயி என்ன செய்யலாம்?

வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. இரண்டு கரண்டித் தீவனத்தை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி, தெளிந்த நீரை இரண்டு டம்ளர்களில் ஊற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் வறுக்காத சோயா பருப்பு மாவு அரைக் கரண்டி போட்டு, 10 நிமிடம் கழித்து இரண்டிலும் சிவப்பு லிட்மஸ் தாளை நனைக்க வேண்டும். சோயா போட்டதில் மட்டும் தாள் நீலமானால் யூரியா இருக்கிறது. எவ்வளவு என்று இது சொல்லாது. அனுமதித்த அளவுக்கும் நீலம் காட்டலாம்.

அளவு தெரிய ஆய்வகம்தான் வழி. பல மூட்டைகளில் மேல், நடு, அடி என எடுத்துக் கலந்து, அரைக் கிலோவைக் காற்றுப் புகாத பையில் கட்டிக் கொடுக்க வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது. நெல்லைப் பகுதியினர் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். கேட்கும்போது ‘கச்சா புரதம்’ மட்டும் கேட்காமல், ‘யூரியா அளவு’, ‘உண்மைப் புரதம்’ இரண்டையும் எழுதிக் கேட்க வேண்டும். உண்மைப் புரதச் சோதனையில் புரதத்தை மட்டும் திரியவைத்து வடிகட்டி, அதன் நைட்ரஜனை அளப்பார்கள். யூரியா நீரோடு போய்விடும். கச்சா புரதம் 20, உண்மைப் புரதம் 14 என்று வந்தால், மூட்டையில் எதற்குக் காசு கொடுத்தோம் என்பது அப்போது தெரிந்துவிடும்.