ஏஆர்பி, மேக் அட்டவணைகளைக் கொண்டு அறியாத சாதனத்தின் போர்ட்டைக் கண்டறிதல்

கணினி வலையமைப்பில் ஒரு சாதனத்தின் ஐபி முகவரி மட்டும் தெரிந்தால், அது எந்த சுவிட்சின் எந்த போர்ட்டில் செருகப்பட்டுள்ளது என்பதை இரண்டு அட்டவணைகளின் துணையால் கண்டறியலாம். ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியை ஏஆர்பி அட்டவணை தருகிறது. இது கணினியிலும் ரவுட்டரிலும் இருக்கும். அந்த மேக் முகவரி எந்த போர்ட் வழியாக வந்தது என்பதை சுவிட்சின் மேக் அட்டவணை காட்டுகிறது.

எடுத்துக்காட்டு

ஒரு கல்லூரி ஆய்வகத்தின் கணினிகள் 10.10.20 எனத் தொடங்கும் முகவரிகளைப் பெற வேண்டும். ஒருநாள் சில கணினிகள் மட்டும் 192.168.0 எனத் தொடங்கும் முகவரிகளைப் பெற்று, இணைய இணைப்பை இழக்கின்றன. அவற்றின் கேட்வே முகவரி 192.168.0.1 எனக் காட்டுகிறது. யாரோ ஒரு வீட்டு ரவுட்டரைச் சுவர் இணைப்பில் செருகியிருக்க வேண்டும். அதுவே தவறான முகவரிகளை வழங்குகிறது.

முதலில் பாதிக்கப்பட்ட விண்டோஸ் கணினியில் இவ்வாறு தேட வேண்டும்:

```
ping 192.168.0.1
arp -a
```

விடையாக 00-00-5e-00-53-2a என்ற மேக் முகவரி கிடைக்கிறது. சிஸ்கோ சுவிட்சில் இதை நான்கு நான்கு எழுத்துகளாகப் பிரித்து எழுத வேண்டும். அக்கணினி இணைந்துள்ள சுவிட்சில் தரும் கட்டளை:

```
show mac address-table address 0000.5e00.532a
```

விடை Gi0/24. ஆனால் தேடல் இங்கு முடிவதில்லை. அந்த போர்ட்டில் மட்டும் பல மேக் முகவரிகள் தெரிந்தால், அது பெரும்பாலும் இன்னொரு சுவிட்சுக்குச் செல்லும் இணைப்பாகும். அடுத்த முனையும் சிஸ்கோ சாதனமானால் `show cdp neighbors` கட்டளை அதன் பெயரைக் காட்டும். அந்த சுவிட்சில் அதே தேடலைத் திரும்பச் செய்ததும் Gi0/7 என வருகிறது. அங்கு அண்டை சுவிட்ச் எதுவும் இல்லை. எனவே ரவுட்டர் அந்த போர்ட்டின் வடத்தில்தான் உள்ளது. அந்த போர்ட்டை `shutdown` கட்டளையால் மூடலாம். அவசரத்தில் Gi0/24-ஐ மூடியிருந்தால், அதற்கு அப்பால் உள்ள அனைவரின் இணைப்பும் அறுந்திருக்கும்.

தவறக்கூடிய இடங்கள்

சிஸ்கோ சுவிட்ச், பேசாத சாதனத்தின் பதிவை வழக்கமாக 300 நொடிகளில் நீக்கிவிடும். சிஸ்கோ ரவுட்டரின் ஏஆர்பி பதிவோ 4 மணி நேரம் இருக்கும். ஆகவே ஏஆர்பியில் உள்ள முகவரி சுவிட்சில் தெரியாமல் போகலாம். தேடும் முன் பிங் செய்வது இதற்காகவே.

ஏஆர்பி ஒரே துணைப்பிணையத்துக்குள் மட்டுமே செயல்படும். வேறு துணைப்பிணையத்தில் உள்ள சாதனத்தின் மேக் முகவரியை, அதற்குக் கேட்வேயாக உள்ள ரவுட்டரின் ஏஆர்பி அட்டவணையில்தான் பார்க்க வேண்டும்.

கடைசி போர்ட்டில் சில மேக் முகவரிகள் சேர்ந்து தெரிந்தால், அங்கே மேலாண்மை வசதியற்ற சிறிய சுவிட்சோ வைஃபை கருவியோ இருக்கலாம். அதன்பின் வடத்தைப் பின்தொடர்ந்து நேரில் சென்று பார்ப்பதே வழி.