திரை மாறியது, தலைப்பு மாறவில்லை

பேருந்து முன்பதிவுத் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஊரையும் தேதியையும் கொடுத்துத் தேடினால் பேருந்துகளின் பட்டியல் வருகிறது. ஒன்றைத் தொட்டால் இருக்கைகளின் படம் விரிகிறது. திரை இரண்டு முறை மாறிவிட்டது. பிரவுசரின் மேலே டேபில் மட்டும் ‘பேருந்து தேடல்’ என்பதே நிற்கிறது. கணினியில் பின்செல்லும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் விரியும் பட்டியலிலும் அதே பெயர்தான் திரும்பத் திரும்ப. எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

சாதாரணத் தளத்தில் ஒவ்வொரு சொடுக்குக்கும் சர்வரிலிருந்து புதிய பக்கம் வரும், தன் தலைப்பையும் கொண்டுவரும். ஒற்றைப் பக்கச் செயலியில் பக்கம் ஒரே முறைதான் இறங்குகிறது. அதன்பின் ஜாவாஸ்கிரிப்ட் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுகிறது. எனவே தலைப்பையும் அதுவே மாற்றியாக வேண்டும். அதற்கு இரண்டு வரி போதும்:

```
history.pushState({}, "", "/seats");
document.title = "இருக்கைத் தேர்வு";
```

முதல் வரி முகவரியை மாற்றி, பிரவுசர் வரலாற்றில் புதிய பதிவைச் சேர்க்கிறது. நடுவில் வெறுமையாக விட்டிருக்கும் இடம் முதலில் தலைப்புக்காக வைத்ததுதான். ஆனால் பெரும்பாலான பிரவுசர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. அங்கே தலைப்பை எழுதிவிட்டு, டேபில் ஏன் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வோர் உண்டு.

வரிகளின் வரிசையும் முக்கியம். தலைப்பை முதலில் மாற்றினால், நாம் இன்னும் பேருந்துப் பட்டியலில்தான் நிற்கிறோம். ‘இருக்கைத் தேர்வு’ என்ற பெயர் அந்தப் பழைய பதிவின்மேல் ஒட்டிக்கொள்ளும். டேபைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். பின்செல்லும் பட்டியலை விரித்தால்தான் பெயர்கள் ஓர் இடம் தள்ளி நிற்பது புரியும்.

அடுத்த சிக்கல் பின்னால் போகும்போது. பிரவுசர் முகவரியைத் திருப்பிவைத்து, `popstate` என்ற நிகழ்வை எழுப்பும். தலைப்பைத் தொடாது. ஆகவே திரையைக் காட்டுவதையும் தலைப்பிடுவதையும் ஒரே ஃபங்ஷனில் வைத்து, சொடுக்கும்போதும் `popstate` வரும்போதும் அதையே அழைப்பது நல்லது. சொடுக்கும்போது மட்டும் அதற்கு முன்னால் `pushState` ஓட வேண்டும். பின்செல்லும்போதும் அதை ஓட்டினால் வரலாறு குழம்பிவிடும்.

இவ்வளவும் கண்ணால் பார்ப்பவருக்கு. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், புதிய பக்கம் இறங்கியதும் தலைப்பைப் படித்துச் சொல்லும். ஸ்கிரிப்ட் தலைப்பை மாற்றும்போது பெரும்பாலும் வாய் திறக்காது. இருக்கைப் படம் வந்தது அவருக்குத் தெரியாமலே போகும். அதனால் புதிய திரையின் `h1` தலைப்புக்கு `tabindex="-1"` கொடுத்து, ஃபோகஸை அங்கே நகர்த்துவார்கள். அப்போது ‘இருக்கைத் தேர்வு’ என்று அது வாசிக்கும்.